நடுகல்லை விவரித்து எழுதுவது: வீட்டில் தெலுங்கு, ஏட்டில் தமிழ் என்றிருப்பவர்களுக்கு

கேள்வி: ஐயா, ஓசூர் பக்கம் கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுவோம். பள்ளியில் ஆங்கில வழி. இப்போது பி.ஏ. வரலாறு தமிழ் வழியில் படிக்கிறேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கும் நடுகல்லை விவரித்து எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது இது: "இது மிக அழகான பழைய சிலை. மூன்று பாகமாக உள்ளது. கீழே ஒரு வீரன் பொம்மை உள்ளது. கையில் வால் மற்றும் கேடயம் உள்ளது. பக்கத்தில் பெண் கையை ஓங்கி நிற்கிறது. நடுவில் இரண்டு பெண்கள் அவனைத் தூக்குகிறார்கள். மேலே லிங்கம் உள்ளது. எழுத்து பொரிக்கப்பட்டு உள்ளது. இது சோழர் காலம்." அளவு 4 அடி உயரம், இரண்டரை அடி அகலம். "இது விவரிப்பே இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கலைச்சொற்கள் தெரியாததுதான் காரணமா? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, கலைச்சொல் குறைவு ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். உங்கள் பத்தியில் ஒன்பது வாக்கியங்கள் இருக்கின்றன, அவற்றில் ஐந்து "உள்ளது" என்று முடிகின்றன. வீரன், வாள், லிங்கம், எழுத்து எல்லாவற்றுக்கும் ஒரே வினை. சிற்பத்தை விவரிக்கும்போது தமிழில் வேலையெல்லாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் நடக்கிறது. கண்ணால் பார்த்தீர்களா, ஊகித்தீர்களா, கல்வெட்டில் படித்தீர்களா என்பதை அந்தச் சொல்தான் சொல்லும். அதனால் பெயர்ச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, உங்கள் கல்லையே வைத்து வினைகளைப் பார்ப்போம்.

அதற்கு முன் பொருளின் பெயரைச் சரிசெய்துவிடலாம். நீங்கள் "சிலை" என்று தொடங்கி "பொம்மை"க்குப் போய்விட்டீர்கள். சிலை என்றால் நாலா பக்கமும் செதுக்கி, சுற்றி வந்து பார்க்கும்படி தனித்து நிற்பது. உங்கள் கல்லின் பின்பக்கம் வெறும் பாறைதான். முன்பக்கத்தில் மட்டும் உருவங்கள் தளத்திலிருந்து மேலெழுந்து தெரிகின்றன. இதற்குப் பெயர் புடைப்புச் சிற்பம். தளத்தை ஆழமாக வெட்டாமல் கோடாகக் கீறி மட்டும் இருந்தால் கோட்டுருவம் என்பார்கள். நம் மாவட்டங்களில் இரண்டு வகையும் உண்டு. ஆக, உங்கள் கல் நடுகல், அதில் இருப்பது புடைப்புச் சிற்பம், அது செதுக்கப்பட்டிருப்பது பலகைக்கல்லில். "பொம்மை" தெலுங்கின் "பொம்ம"விலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே படம், சிலை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும், தமிழில் குழந்தை விளையாடுவதைத்தான் குறிக்கும். "உருவம்" என்று எழுதுங்கள்: வீரன் உருவம், பெண் உருவம், குதிரை உருவம். "மூன்று பாகம்" என்பதற்கு "மூன்று அடுக்கு". ஒவ்வொரு அடுக்கையும் பிரிக்கும் பட்டையான பகுதியை "இடைப்பட்டை" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

அடுக்கு நடுகல்லில் படிக்கும் வரிசை முக்கியம். நீங்கள் கீழிருந்து தொடங்கியிருக்கிறீர்கள், அது சரி. கன்னட நாட்டில் பரவலாக இருக்கும் இந்த அமைப்பு ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமும் கிடைக்கிறது. கீழ் அடுக்கில் சண்டை, நடு அடுக்கில் தேவமகளிர் வீரனை மேலே அழைத்துச் செல்வது, மேல் அடுக்கில் லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது என்று கதை கீழிருந்து மேலே ஏறும். மேலிருந்து விவரித்தால் செத்தவனைச் சொர்க்கத்திலிருந்து இறக்கிப் போர்க்களத்தில் விட்டதுபோல் ஆகிவிடும். தருமபுரி, அரூர் பக்கம் கிடைக்கும் பழைய கற்களில் பெரும்பாலும் அடுக்கே இருக்காது. ஒரே வீரன் பெரிதாக நிற்பான், தலைக்கு மேலேயோ பக்கத்திலோ வட்டெழுத்து வரிகள் ஓடும். அங்கே வேறு வரிசை: முதலில் வீரன் நிற்கும் நிலை, அப்புறம் தலையிலிருந்து கால் வரை, கடைசியில் காலருகே உள்ள சிறு பொருள்கள். அந்தக் காலருகே உள்ளதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாடு, கெண்டி, சிமிழ் எல்லாம் அங்கேதான் சின்னதாக இருக்கும். மாடு இருந்தால் கல்லின் கதையே மாறிவிடும்.

இடம் வலம் சொல்லும்போது ஒரு குழப்பம் வரும். உங்கள் கல்லில் வாள் எந்தக் கையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை, "கையில் வால் மற்றும் கேடயம்" என்று இரண்டையும் ஒரே கையில் கொடுத்துவிட்டீர்கள். படத்தில் வீரனின் வலக்கையில் வாள் இருக்கிறது, ஆனால் பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம் தெரிகிறது. வழக்கம் இதுதான்: உடல் உறுப்புகளைச் சொல்லும்போது உருவத்தின் வலம், இடம்; கல்லில் எங்கே இருக்கிறது என்று சொல்லும்போது பார்ப்பவரின் வலம், இடம். முதலாவதற்கு "வலக்கை, இடக்கை, வலக்கால்" என்று ஒட்டி எழுதுங்கள். இரண்டாவதற்கு "பார்ப்பவருக்கு இடப்புறம்" என்று முழுதாக ஒருமுறை எழுதிவிட்டால் போதும், அதன்பின் "இடப்புறம்" என்றாலே அதுதான் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்த ஒரு வரியை விட்டதால் வீரனின் எந்தப் பக்கம் பெண் நிற்கிறாள் என்று தெரியாத கட்டுரைகள் ஏராளம்.

சரி, வினைக்கு வருவோம். தமிழில் ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஒரு வினை உண்டு. வாளை ஏந்துவான், கேடயத்தைத் தாங்குவான் அல்லது பிடிப்பான், குறுவாளை இடையில் செருகுவான், வில்லை வளைப்பான், அணிகலனை அணிவான், ஆடையை உடுத்துவான், கொண்டையை முடிவான். உடலில் அம்பு தைக்கும், ஈட்டி பாயும். உறுப்புகளுக்கும் அப்படியே: காலை முன்வைப்பான், முழங்காலை மடக்குவான், கைகளைக் குவிப்பான். இந்த இணைகளை ஜோடியாகவே கற்றுக்கொள்ளுங்கள். "வாள்" என்று தனியாக எழுதிப் படித்தால் எழுதும்போது வினை வராது, மறுபடியும் "உள்ளது"தான் வந்து உட்காரும். "வாள் ஏந்தி" என்று சேர்த்தே மனதில் ஏற்றினால் வாக்கியம் தானாக நகரும்: "வீரன் வலக்கையில் வாள் ஏந்தி, இடக்கையில் கேடயம் தாங்கி, வலக்காலை முன்வைத்து நிற்கிறான்." ஒரே வாக்கியத்தில் மூன்று செய்தி, ஒரு "உள்ளது"கூட இல்லை. "மற்றும்" இல்லாமலும் பிழைத்துக்கொண்டது. பொருள்களைச் சேர்க்கத் தமிழில் "வாளும் கேடயமும்" என்று உம்மை போதும். "மற்றும்" ஆங்கில வழியில் படித்தவர்களின் கையில் தானாக ஓடி வரும், கட்டுப்படுத்துங்கள்.

இதில் நெருக்கமான வினைகளைப் பிரித்தறிய வேண்டிய இடமும் உண்டு. "பெண் கையை ஓங்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓங்குவது அடிப்பதற்கு. வீரன் வாளை ஓங்கலாம், அவன் மனைவி கையை உயர்த்துவாள். நீங்கள் எழுதியதைப் படித்தால் அந்த அம்மாள் புருஷனை அடிக்கப் போவதாகத்தான் தோன்றும். அதேபோல் தேவமகளிர் வீரனைத் "தூக்குகிறார்கள்" என்பதில் தப்பில்லை, ஆனால் உங்கள் படத்தில் அவன் நடுவில் நிற்க, இருவரும் பக்கத்துக்கு ஒருவராக அவன் தோளைத் தொட்டபடி இருக்கிறார்கள். அதற்கு "இருபுறமும் தாங்கி அழைத்துச் செல்கின்றனர்" என்பது பொருத்தம். பார்த்ததற்கு மிக அருகில் இருக்கும் வினை எது என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது வினையின் முடிவு. "பெண் நிற்கிறது" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் பசுவுக்கும் வினை ஒரே மாதிரி முடியும்: "ஆமெ வச்சிந்தி", "ஆவு வச்சிந்தி". ஆணுக்கு மட்டும் "வச்சாடு" என்று மாறும். தமிழில் பெண்ணுக்குத் தனி விகுதி. "பெண் நிற்கிறாள்" என்று எழுதவேண்டும். கன்னடத்தில் தமிழைப் போலவே மூன்றும் தனித்தனி, அதனால் வீட்டில் கன்னடம் பேசும் உங்கள் நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

ஆனால் கட்டுரைகளில் "நிற்கிறது" என்று பார்த்திருக்கிறேனே என்று கேட்கலாம். அங்கே எழுவாய் வேறு. "பெண் உருவம் நிற்கும் நிலையில் காட்டப்பட்டுள்ளது" என்று எழுதினால் எழுவாய் உருவம், அது அஃறிணை, ஆகவே "உள்ளது" சரி. "பெண்" என்றால் "நிற்கிறாள்", "பெண் உருவம்" என்றால் "காட்டப்பட்டுள்ளது". இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். பத்திக்குள் நான் செய்வது இது: உருவத்தை முதன்முதலில் அறிமுகம் செய்யும்போது "உருவம்" போட்டு அஃறிணையில் முடிப்பேன், செயலைச் சொல்லும்போது "வீரன்" என்று உயர்திணைக்கு மாறுவேன். எப்போதும் "காட்டப்பட்டுள்ளது" என்றே போனால் பத்தி விறைத்துப் போகும்.

பன்மையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. "அம்புகள் தைத்துள்ளது" என்று வீட்டில் தமிழ் பேசுபவர்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள், ஏனென்றால் பேச்சில் "அம்பெல்லாம் இருக்குது" என்றுதான் வருகிறது. உங்கள் தெலுங்கில் "உந்தி", "உன்னாயி" என்ற வேறுபாடு இன்றும் வாயில் இருக்கிறது. "உன்னாயி" வரவேண்டிய இடத்தில் எல்லாம் "உள்ளன" என்று போடுங்கள்: "அம்புகள் தைத்துள்ளன", "மாடுகள் காட்டப்பட்டுள்ளன". அப்புறம் பன்மை வடிவம் "நடுகல்கள்" இல்லை, "நடுகற்கள்".

எழுத்துப் பிழைகளையும் அதே கணக்கில் பார்க்கலாம். ல, ள இரண்டும் தெலுங்கில் இருக்கின்றன, ஆகவே வாலையும் வாளையும் உங்கள் காதே பிரித்துவிடும். மெதுவாக உச்சரித்துப் பார்த்து எழுதினால் வீரன் கையில் வால் முளைக்காது. ற, ழ இரண்டும் இன்றைய தெலுங்கில் இல்லை. அவை காதுக்குப் பிடிபடாது, கண்ணால்தான் பழக வேண்டும். நல்லவேளையாக, நடுகல் விவரிப்பில் திரும்பத் திரும்ப வரும் ற சொற்கள் கொஞ்சம்தான். எழுத்து கல்லில் "பொறிக்கப்படும்", பொரிப்பது வடையை. வீரன் "இறந்தான்", இரந்தான் என்றால் பிச்சை கேட்டான். ஈட்டியை "எறிந்தான்", எரிந்தான் என்றால் தீப்பிடித்துவிட்டது. குதிரை மேல் "ஏறி", உங்கள் கல் இருப்பது "ஏரி"க்கரை. ஆநிரையைப் பழைய கல்வெட்டுகள் "தொறு" என்கின்றன, அதிலும் வல்லின ற. இவ்வளவையும் ஒரு அட்டையில் எழுதி மேசை மேல் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

இனி நான் முதலில் சொன்ன பெரிய விஷயம். விவரிப்பில் மூன்று வகைச் செய்திகள் கலந்து வரும். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரிவதிலிருந்து நாம் ஊகிப்பது ஒன்று, கல்வெட்டு சொல்வது ஒன்று. உங்கள் பத்தியில் மூன்றுக்கும் ஒரே குரல். "மேலே லிங்கம் உள்ளது" என்பதும் "இது சோழர் காலம்" என்பதும் ஒரே உறுதியோடு வருகின்றன. முதலாவதை யாரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். இரண்டாவதை எதை வைத்துச் சொன்னீர்கள் என்று ஆசிரியர் கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது.

தெரிவதற்கு: "காணப்படுகிறது", "காட்டப்பட்டுள்ளது", "செதுக்கப்பட்டுள்ளது", அல்லது நேரடியாக "நிற்கிறான்", "ஏந்தியுள்ளான்". பார்ப்பதைச் சொல்ல நிகழ்காலமோ "உள்ள" சேர்ந்த வடிவமோ போதும். "வீரன் வாள் ஏந்தினான்" என்று இறந்தகாலத்தில் எழுதினால் சிற்பத்தை விட்டுவிட்டுக் கதை சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். இறந்தகாலத்தைக் கல்வெட்டுச் செய்திக்கும் வரலாற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊகத்துக்குத் தமிழில் படிகள் இருக்கின்றன. ஆதாரம் வலுவாக இருந்தால் "எனலாம்" அல்லது "எனக் கொள்ளலாம்". நடுத்தரமாக இருந்தால் "எனக் கருதலாம்". பலவீனமாக இருந்தால் "எனத் தோன்றுகிறது", "குறிக்கக்கூடும்". தெரியவே இல்லை என்றால் "தெளிவாகத் தெரியவில்லை", "உறுதியாகக் கூற இயலவில்லை". கடைசி இரண்டையும் எழுத மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள், மதிப்பெண் குறையும் என்ற பயம். கல் தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்று எழுதுவதும் விவரிப்புதான். உங்கள் கல்லில் அந்தப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வலக்கை உயர்ந்திருப்பது தெரிகிறது. இடக்கையில் உருண்டையாக ஏதோ இருப்பதும் தெரிகிறது. இப்படிக் கையை உயர்த்திய பெண் வீரனோடு காட்டப்பட்டால் அவள் உடன்கட்டை ஏறிய மனைவி என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்வார்கள், கன்னடப் பக்கம் மாஸ்திகல் என்பது இதைத்தான். எனவே "உடன்கட்டை ஏறிய மனைவி எனக் கொள்ளலாம்" என்று எழுதலாம். கையில் இருப்பது எலுமிச்சையா என்பது அவ்வளவு உறுதியில்லை, "எலுமிச்சையாக இருக்கக்கூடும்" என்று இரண்டு படி இறங்குங்கள். ஒரே பெண் உருவத்தைப் பற்றிய மூன்று செய்திகள், மூன்று வேறு முடிவுகள்.

எல்லா வாக்கியத்துக்கும் "எனலாம்" ஒட்டுவதும் தவறுதான். "வீரன் வாள் ஏந்தியுள்ளான் எனலாம்" என்று எழுதினால் உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்கத் தோன்றும்.

கல்வெட்டு சொல்வதற்கு: "கல்வெட்டு ... எனக் குறிப்பிடுகிறது", "கல்வெட்டின்படி". இது எவ்வளவு வேறுபாடு தரும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஊத்தங்கரையைத் தாண்டிச் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூரில் கிடைத்த நடுகல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரனுடன் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. சிற்பத்தை மட்டும் பார்த்தால் "வீரனுடன் ஒரு நாய் காட்டப்பட்டுள்ளது" என்பதற்கு மேல் ஒரு சொல்கூட எழுத முடியாது. வளர்ப்பு நாயா, வேட்டை நாயா, வெறும் அலங்காரமா, எதுவும் தெரியாது. கல்வெட்டு அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் சொல்கிறது. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி, எருமைகளுக்காக இறந்தான் என்பதும் அதில்தான் வருகிறது. விவரிப்பில் இதை இப்படிப் பிரித்து எழுதுவேன்: "வீரனுடன் ஒரு நாய் செதுக்கப்பட்டுள்ளது. இதன் பெயர் கோவிவன் என்றும், இரு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்றும் கல்வெட்டு குறிப்பிடுகிறது." முதல் வாக்கியத்தில் கண், இரண்டாவதில் எழுத்து. "கோவிவன் என்ற நாய் வீரமாக நிற்கிறது" என்று இரண்டையும் உருக்கி ஊற்றினால், நாளைக்கு அந்த வரியை வேறு மாதிரி யாராவது படித்தால் உங்கள் வாக்கியம் முழுதும் போய்விடும்.

இப்போது "சோழர் காலம்". நம் பகுதியில் இந்தச் சொல்லை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், போசளர், விஜயநகரம் என்று இந்த மலைகளுக்கு நடுவே ஆட்சி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணி 13ஆம் நூற்றாண்டில் போசள இராமநாதனின் தலைநகராகவே இருந்தது. பழசாகத் தெரியும் எல்லாவற்றையும் சோழருக்குக் கொடுப்பது தஞ்சாவூர்ப் பழக்கம், இங்கே செல்லாது. காலத்தைச் சொல்ல மூன்று ஆதாரங்களில் ஏதாவது ஒன்று வேண்டும். கல்வெட்டில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருந்தால் அதுதான் முதல். அது இல்லாமல் எழுத்து மட்டும் படிக்க முடிந்தால் எழுத்தமைதி, அதாவது எழுத்துகளின் வடிவத்தை வைத்துக் காலம் சொல்வது. அதுவும் இல்லையென்றால் சிற்ப அமைதி. மூன்றாவதை வைத்து மட்டும் ஒரு நூற்றாண்டைக் குறிப்பிடுவது உங்கள் நிலையில் வேண்டாம். எதை வைத்துச் சொன்னீர்கள் என்பது வாக்கியத்திலேயே இருக்கவேண்டும்: "எழுத்தமைதியின் அடிப்படையில் இதனை ... நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதலாம்." உங்கள் கல்லின் எழுத்து படத்தில் தமிழா கன்னடமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணி வாக்கில் அல்லது சாயங்கால வெயிலில் போய்ப் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் தேய்ந்த எழுத்தும் ஆபரணமும் நிழல் பிடித்துத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

"மிக அழகான" என்பதை எடுத்துவிடுங்கள். அழகு எங்கே இருக்கிறதோ அதை விவரியுங்கள்: கேடயம் உடலை மறைக்காமல் விலகி நிற்பது, வீரனின் உருவம் மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பது, அவன் உடல் பக்கவாட்டில் திரும்பி இயக்கத்தைக் காட்டுவது. "தத்ரூபமாக", "உயிரோட்டத்துடன்" இரண்டும் இதே வகைதான்.

அளவை செ.மீ. ஆக மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் 4 அடி சுமார் 122 செ.மீ., இரண்டரை அடி சுமார் 76 செ.மீ. கல்லின் அடிப்பகுதி மண்ணில் புதைந்திருப்பதால் "தரைக்கு மேல்" என்ற இரண்டு சொற்கள் அவசியம்.

எல்லாம் சேர்ந்து உங்கள் பத்தி இப்படி வரலாம்:

"ஏரிக்கரையில் கிழக்கு நோக்கி நிற்கும் இந்த நடுகல் ஒரே பலகைக்கல்லால் ஆனது. தரைக்கு மேல் தெரியும் உயரம் சுமார் 122 செ.மீ., அகலம் சுமார் 76 செ.மீ. முன்புறம் மட்டும் மூன்று அடுக்குகளாகப் புடைப்புச் சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கீழ் அடுக்கின் நடுவில் வீரன் உருவம் மற்ற உருவங்களைவிடப் பெரிதாகக் காட்டப்பட்டுள்ளது. வீரன் வலக்கையில் வாளை ஓங்கி, இடக்கையில் கேடயம் தாங்கி, வலக்காலை முன்வைத்து நிற்கிறான். இடையில் குறுவாள் செருகியுள்ளான். கொண்டை பின்புறமாக முடியப்பட்டுள்ளது. முகம் தேய்ந்துள்ளதால் காதணிகள் தெளிவாகத் தெரியவில்லை. பார்ப்பவருக்கு வலப்புறம் ஒரு பெண் வலக்கையை உயர்த்தி நிற்கிறாள். அவள் இடக்கையில் உள்ள உருண்டையான பொருள் எலுமிச்சையாக இருக்கக்கூடும். இவளை உடன்கட்டை ஏறிய மனைவி எனக் கொள்ளலாம். நடு அடுக்கில் இரு பெண்கள் வீரனை இருபுறமும் தாங்கி அழைத்துச் செல்கின்றனர். இவர்களைத் தேவமகளிர் எனலாம். மேல் அடுக்கில் லிங்கத்தின் முன் வீரன் கைகளைக் குவித்து அமர்ந்துள்ளான். அதற்கு மேல் சூரியனும் பிறையும் காணப்படுகின்றன. கீழ், நடு அடுக்குகளுக்கு இடையிலுள்ள பட்டையில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை மிகவும் தேய்ந்துள்ளதால் கல்லின் காலத்தை உறுதியாகக் கூற இயலவில்லை."

இதில் "கிழக்கு நோக்கி" என்பதை நீங்கள்தான் போய்ச் சரிபார்க்க வேண்டும், படத்தில் விழும் நிழலை வைத்து நான் போட்டது. சூரியன், பிறை இரண்டையும் நீங்கள் எழுதவே இல்லை, மேல் விளிம்பில் சின்னதாக இருக்கின்றன. இந்தப் பத்தியில் ஒரு "எனலாம்", ஒரு "எனக் கொள்ளலாம்", ஒரு "இருக்கக்கூடும்" இருக்கின்றன. மற்றவை எல்லாம் கண்ணால் பார்த்தவை, அதனால் தயக்கமில்லாமல் முடிகின்றன. அடுத்த கல்லை விவரிக்கும்போது இதே பத்தியை நகலெடுத்துப் பெயர்களை மாற்றாதீர்கள். அந்தக் கல்லில் வீரன் புலியோடு போரிட்டால் வினைகள் எல்லாமே வேறாகிவிடும்.

ஒற்று மிகும் இடங்கள் பற்றிக் கேட்டால் அது தனிப் புத்தகம். இந்தப் பத்தியில் வருகிற அளவுக்கு இரண்டு போதும். "ஐ" உருபுக்குப் பின் மிகும்: "கேடயத்தைத் தாங்கி", "வீரனைச் சுற்றி". "இல்" உருபுக்குப் பின் மிகாது: "இடக்கையில் கேடயம்", "பட்டையில் பொறிக்கப்பட்டுள்ளன".

கடைசியாக, படத்தில் கல்லின் மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் தெரிகின்றன. ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன், நம் பக்கத்தில் பல நடுகற்களுக்கு அதுதான் பெயர். அப்படியென்றால் அதையும் ஒரு வாக்கியமாகச் சேருங்கள்: "இந்நடுகல் ஊர் மக்களால் வேடியப்பன் என வழிபடப்படுகிறது." எழுத்தைப் படிக்கவேண்டும் என்று கம்பியாலோ கத்தியாலோ பூச்சைச் சுரண்டாதீர்கள், கல்லும் கெடும், ஊர்க்காரர்களும் சும்மா விடமாட்டார்கள். ஈரத்துணியால் துடைப்பதாக இருந்தால்கூடப் பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படிக்க முடிகிற எழுத்தைக் கல்லில் இருக்கிறபடியே, வரிக்கு வரி, பிழையென்று தோன்றினாலும் திருத்தாமல் எழுதி, படிக்க முடியாத இடத்தில் புள்ளிகள் இடுங்கள்.